மின்விசிறிக்குக் கீழே தூக்கிய கை

பிரின்சிபால் மேடத்தின் அறையில் பேரம் பேசி ஜெயித்தவர் என்று யாரும் கிடையாது. பெயின்ட் காண்ட்ராக்டர் ஒருவர் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் அவரே சொந்தச் செலவில் இரண்டாவது கோட்டிங் அடித்துவிட்டுப் போனார். இதெல்லாம் தெரிந்தும் பி.டி. மாஸ்டர் அன்று காலை உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"விசில் பிள்ளைங்க கையில வேண்டாம் மாஸ்டர்," என்றார் மேடம். "வெளியிலேர்ந்து ரெஃப்ரி கூப்பிட்டுக்கலாம். போன வருஷம் பட்டது போதும்."

போன வருஷம் பட்டது என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹவுஸ் மேட்சில் ஒரு பையனின் கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டாகப் போனது. அந்தச் சத்தம் கோல் போஸ்ட் வரைக்கும் கேட்டது. உடைத்தவன் பத்து நிமிஷத்துக்கு முன்னாலும் அதே மாதிரி, ஷூவின் அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, இன்னொருவன் மேல் பாய்ந்திருந்தான். அப்போதே அட்டை எடுத்திருக்க வேண்டும். விசில் வைத்திருந்த பதினோராம் வகுப்புப் பையன், "பார்த்து ஆடுடா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டான். அந்த ரெஃப்ரி பையன் அடுத்த மாதமே டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் பக்கத்தில் உட்காரவும் யாரும் இல்லை.

மாஸ்டரின் நெஞ்சில் முள்ளாக இருந்தது அதுதான். இப்போது மாணவ ரெஃப்ரி முறையையே நிறுத்தினால், குற்றவாளி அந்தப் பையன்தான் என்று முத்திரை குத்திய மாதிரி. அவனுக்கு எந்தப் பாய்ச்சலுக்கு எந்த அட்டை என்று ஒழுங்காகச் சொல்லித் தராத ஆள் ஒருவர் உண்டு. அவர் இதோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு வருஷம் கொடுங்க மேடம். நானே பொறுப்பு."

"மூணு வருஷமா?"

"சரி, ரெண்டு."

"இந்த சீசன். ஆறு மேட்ச். ரெஃப்ரி தப்புன்னு நியாயமான புகார் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு என் மேஜைக்கு வந்தா, அன்னியோட நிறுத்திடுவேன். ஒவ்வொரு மேட்ச் ரிப்போர்ட்டும் அன்னிக்கே அஞ்சு மணிக்குள்ள இங்க வரணும்." மேடம் பேனாவை மூடினார்.

மாஸ்டர் அப்பாவின் துணிக்கடையில் கல்லாவுக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவர். எதிராளி பேனாவை மூடிய பிறகு வாயைத் திறக்கிறவன் கடைசியாகக் கிடைத்ததையும் இழப்பான் என்பதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்தவர். "ரொம்ப நன்றி மேடம்," என்று எழுந்து வந்துவிட்டார்.

*

ரெஃப்ரி வகுப்பு ஆரம்பித்த அன்றே மழையும் ஆரம்பித்தது. மைதானத்தில் வாத்து விடலாம் போலத் தண்ணீர். உள் அரங்கத்தைப் பரீட்சைக்காக மேஜை போட்டு அடைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது விளையாட்டுச் சாமான் அறைதான். கிழிந்த கோல் வலை, ஆரஞ்சு நிறக் கூம்புகள், காற்றிறங்கிய பந்துகள், நனைந்த ஜெர்சிகள், எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் வாடை. அறைக்கு நடுவில் போட்டிருந்த பரண் பாதி உயரத்தை விழுங்கியிருந்தது. பரணுக்கு அடியில் ஒரு மின்விசிறி, பன்னிரண்டு மாதமும் சளி பிடித்த மாதிரி உறுமிக்கொண்டு சுற்றும். அதை நிறுத்தினால் ஜெர்சி காயாது, பிள்ளைகளுக்கு மூச்சும் முட்டும்.

எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒருத்தி, பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலேயே உயரமானவள். மாஸ்டரே அண்ணாந்து பார்த்துத்தான் அவளை அதட்டுவார். ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும், "ஏறினவங்க யாரும் நன்றி சொன்னதில்ல," என்று சொல்லி அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டாள். விதிப் புத்தகத்தை ராத்திரி பகல் படித்து, அட்டை கழன்று போய்ப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தாள்.

இன்னொருவன் தபால். அவன் அடிக்கும் பாஸ் விலாசம் தப்பாது என்பதால் வந்த பெயர். அந்த உடைந்த கால் அவனுடையது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் திரும்பும்போது கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. அவன் ஏன் வந்தான் என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. லைன் ரெஃப்ரிக்கான கொடியை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

முதல் நாள் அட்டைகள். போன வருஷம் இதை மாஸ்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த வருஷம் பாயை விரித்தார்.

"கவனக்குறைவாக் கால வச்சுத் தட்டி விட்டான், அவ்வளவுதான். ஃப்ரீ கிக். அட்டை கிடையாது. அடுத்தவனுக்கு அடிபடுமேன்னு கவலையே இல்லாம வந்தான். மஞ்சள். தேவைக்கு மிஞ்சின பலத்தோட, கால உடைக்கிற மாதிரி வந்தான். சிவப்பு. மன்னிப்புக் கேட்டானாங்கிறது கணக்குல வராது. பந்து முதல்ல பட்டுச்சாங்கிறதும் அவனைக் காப்பாத்தாது. யாராவது ஒருத்தர் படுங்க, மெதுவாக் காட்டுறேன்."

யாரும் அசையவில்லை. பெஞ்சிலிருந்து தபால் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்து, காலுறையை உருட்டிக் கீழே இறக்கினான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நீளமாக ஒரு தழும்பு, தையல் போட்ட இடமெல்லாம் புள்ளி வைத்திருந்தது.

"இதுல காட்டுங்க சார்," என்றான்.

மாஸ்டர் மண்டிபோட்டுத் தன் ஷூவின் அடியை அந்தத் தழும்புக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். "இந்தக் கோணம். முட்டி மடங்கல, பாத்தீங்களா? இது வந்தா முதல் தடவையே சிவப்பு." அன்று அந்த அறையில் இருந்த எட்டுப் பேரும் அதற்கப்புறம் ஒருபோதும் அதைத் தப்பாகச் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து சைகைகள். நேரடி ஃப்ரீ கிக் என்றால் ஒரு கையை நீட்டி, உதைக்கப்போகிற அணி எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் காட்ட வேண்டும். பெனால்டி என்றால் விரல் புள்ளியைப் பார்க்க வேண்டும். ஃபவுல் நடந்தும் பந்து பாதிக்கப்பட்டவர்களிடமே நல்ல நிலையில் இருந்தால், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஆடு ஆடு என்று விட்டுவிடலாம். இதைப் பிள்ளைகள் மிக விரும்பினார்கள். பாதிரியார் ஆசீர்வதிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

"இப்ப மறைமுக ஃப்ரீ கிக். இன்டைரக்ட். எதுக்குக் கொடுப்போம்?"

"தலை உயரத்துக்குக் கால தூக்குறது சார். எதிராளி பயந்து ஒதுங்கிட்டான், ஆனா மேல படல," என்றாள் ஏணி.

"பட்டிருந்தா?"

"நேரடி. பட்ட விதத்தப் பாத்து அட்டையும்."

"படலைன்னா மறைமுகம். அப்படின்னா, உதைச்சவன் நேரா கோலுக்குள்ள அடிச்சாச் செல்லாது. நடுவுல வேற ஒருத்தர் மேல படணும். இத ஆடுறவங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க? வாயால இல்ல. கையால. ஒரு கை நேரா வானத்தப் பாத்து. உதைச்சு, பந்து வேற ஒருத்தர் மேல படற வரைக்கும், இல்ல வெளிய போற வரைக்கும், இறக்கவே கூடாது. தூக்குங்க."

எட்டுக் கைகள் எழுந்தன. குட்டைப் பிள்ளைகளின் கைகள் நேராக எழுந்தன. ஏணியின் விரல்கள், கை முழுக்க நிமிர்வதற்குள்ளேயே, மின்விசிறி இறக்கைக்கு நாலு விரற்கடைக்கு வந்துவிட்டன.

"ஏய் ஏய்! இறக்கு! விரல் போச்சுன்னா உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீ மடக்கித் தூக்கு. நெத்தி வரைக்கும் போதும்."

"எல்லாருக்கும் சந்தோஷமா காத்து வரும் சார், எனக்கு மட்டும் ஆபரேஷனா?" என்றாள் ஏணி. எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே, தானும் கையை மடக்கி நெற்றிப் பக்கம் வைத்துக் காட்டினார். "இப்படி."

மூன்று வாரம் மழை. மூன்று வாரமும் நாளுக்கு இருபது தடவை ஏணி அப்படியே தூக்கினாள்.

ஒரு சாயங்காலம் வீட்டிலும் மாஸ்டர் தன்னை மறந்து அப்படி நின்றார். மனைவி தையல் மிஷினில் ஒரு ஸ்கூல் யூனிஃபார்முக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"என்னங்க, வீட்டுக்குள்ள வெயிலா அடிக்குது?"

"சிக்னல்டி. மறைமுக ஃப்ரீ கிக்."

"எனக்கென்னமோ பஸ் வருதான்னு பாக்குற மாதிரி இருக்கு."

"உனக்கு ஃபுட்பாலப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குக் கையப் பத்தித் தெரியும். எத்தனை கைக்கு அளவெடுத்திருக்கேன்," என்று அவள் மறுபடி ஊசியைக் கவ்வினாள். மாஸ்டர் சிரித்துவிட்டுக் காபியைக் கேட்டார். அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டாரே தவிர, புத்தியில் போட்டுக்கொள்ளவில்லை.

*

மழை விட்டது. ஐந்து மேட்ச் ஐந்து விதமான நெஞ்சு வலியோடு, ஆனால் புகார் இல்லாமல் முடிந்தன. மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார்: மேட்ச் நடக்கும்போது அவர் கோட்டுக்கு வெளியே மரத்தடி நாற்காலியில் இருப்பார், ஊமையாக. "விசில் உங்க வாயில இருக்கிறப்ப என் மூஞ்சியப் பாக்காதீங்க. நான் தலையாட்டினாலும் அது கொசுவுக்குன்னு நெனச்சுக்கங்க."

ஆறாவது மேட்ச் ஃபைனல். சிவப்பு ஹவுஸ், நீல ஹவுஸ். ரெஃப்ரி ஏணி. ஒரு பக்க லைனில் தபால், கொடியோடு. மாடி வராந்தாவில் பிரின்சிபால் மேடம், கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு. கீழே மொத்தப் பள்ளிக்கூடம்.

ஏணி அன்று நன்றாகவே நடத்தினாள். முதல் பாதியில் நீல ஹவுஸ்காரன் ஒருவன் கொஞ்சமும் கவலைப்படாமல் சறுக்கி வந்தபோது, அவன் எழுந்து மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மஞ்சள் அட்டை அவன் தலைக்கு மேல் இருந்தது. லைனில் நின்ற தபால் அதைப் பார்த்துக் கொடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அது பாராட்டு என்று மாஸ்டருக்குப் புரிந்தது.

நீல ஹவுஸ் ஒரு கோல் முன்னே. இன்னும் நாலு நிமிஷம். சிவப்பு ஹவுஸ் ஸ்ட்ரைக்கர் தலையால் முட்டப் போகும் நேரம், நீல ஹவுஸ் டிஃபெண்டர் காலை அவன் முகத்துக்கு நேரே வீசினான். படவில்லை. ஸ்ட்ரைக்கர் கண்ணை மூடிப் பின்வாங்கினான். விசில்.

பெனால்டி கட்டத்துக்கு இரண்டடி வெளியே. ஏணி இடத்தைக் காட்டினாள். மறிக்க வரிசையாக நின்ற நீல ஹவுஸ் சுவரை ஒன்பது மீட்டர் சொச்சம் தள்ளி நிறுத்தினாள். பின்னால் நகர்ந்தாள். கையைத் தூக்கினாள்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

வெட்டவெளி. அவள் தலைக்கு மேலே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் கை முழங்கையில் மடங்கி, நெற்றிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சாயங்கால வெயில் நேரே அவள் முகத்தில். பார்க்கிற யாருக்கும் அந்தப் பெண் கண்ணுக்கு நிழல் கட்டுகிறாள் என்றுதான் தோன்றும். பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.

சிவப்பு ஸ்ட்ரைக்கர் அப்படித்தான் பார்த்தான். நேரடி ஃப்ரீ கிக் என்று நினைத்து உதைத்தான். அவன் வாழ்நாளில் அதைவிட நல்ல உதை உதைத்ததில்லை. பந்து சுவருக்கு மேலே வளைந்து, கோலி பாய்ந்த கைக்கு ஒரு விரற்கடை தள்ளி, மூலையில் வலையைக் குத்தியது.

மைதானம் பொங்கியது. ஸ்ட்ரைக்கர் சட்டையைக் கழற்றப் போனான். ஏணி விசில் ஊதி, நீட்டிய கையால் கோல் கட்டத்தைக் காட்டினாள். கோல் இல்லை. கோல் கிக், பந்து நீல ஹவுஸ் கோலிக்கு.

"எதுக்கு?" ஸ்ட்ரைக்கர் ஓடி வந்தான். "எதுக்குடி கோல் கிக்?"

"மறைமுக ஃப்ரீ கிக். நேரா உள்ள போனா கோல் இல்ல."

"மறைமுகம்னா கை தூக்கணும்ல? எங்க தூக்கின?"

"தூக்கினேன்."

"எங்க தூக்கின! வெயிலுக்குக் கண்ண மறைச்சுக்கிட்டு நின்ன! தெரிஞ்சிருந்தா பாஸ் போட்டிருக்க மாட்டேனா நான்?"

ரெஃப்ரியை இப்படி எதிர்த்துக் கத்தினால் மஞ்சள் அட்டை. வகுப்பில் பத்துத் தடவை சொன்னது. ஏணியின் கை பாக்கெட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. காலியாக வெளியே வந்தது.

நீல ஹவுஸ் கேப்டன் கெட்டிக்காரன். அந்த எட்டுப் பேரில் சேராமல், ரெஃப்ரி வகுப்பை இரண்டு நாள் வாசலில் நின்று கேட்டு, அதில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனவன். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ரெஃப்ரியே நினைத்தாலும் அந்த முடிவை மாற்ற முடியாது என்பது அவனுக்குத் தெரியும். "சீக்கிரம் எடுடா! பந்த வை! அடி!" என்று கோலியைப் பார்த்துக் கத்தினான். அதுவரை ஆமை வேகத்தில் நேரம் கடத்திக்கொண்டிருந்த கோலி, என்ன அவசரமென்று புரியாமல் பந்தைத் தேடி வலைக்குள் ஓடினான்.

ஏணி மரத்தடியைப் பார்த்தாள்.

பார்க்கக் கூடாது என்று சொன்னவர் அவர். ஆனாலும் பார்த்தாள். மாஸ்டருக்கு மூன்று வார மழையும் அந்த அறையும் ஒரே நொடியில் கண்ணில் வந்து போனது. அவளுக்குத் தெரியாது. தன் கை எங்கே நின்றது என்று அவளுக்கே தெரியாது. மூன்று வாரமாக முழுக் கை என்றால் அவள் உடம்புக்கு அதுதான்.

அவர் தலையை அசைத்தால் போதும், அவள் தப்பைத் திருத்திவிடுவாள். கோல் கிக்கை நிறுத்து என்று ஒரு அசைவு. இல்லை, ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். இன்னும் பத்து நொடியில் கோலி பந்தை உதைப்பான், விஷயம் மண்ணுக்குள் போய்விடும். "தூக்கினேன்" என்று அவள் சொல்லிவிட்டாள், அதை நம்பியும் சொன்னாள். ஸ்ட்ரைக்கர் கத்துவது, தோற்கிறவன் கத்துவது. மாடியில் இருக்கிறவருக்கு அங்கிருந்து என்ன தெரியும்? முறை பிழைக்கும். ஆறு மேட்ச், புகார் இல்லை.

சரக்கில் ஓட்டை இருப்பது தெரிந்தும் மடித்து உள்பக்கம் வைத்துக் காட்டுகிற கை எப்படி இருக்கும் என்று மாஸ்டருக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நேர்மையா கோழைத்தனமா என்று இன்று வரை அவருக்கே நிச்சயமில்லை.

திரும்பிப் பார்த்தபோது ஏணி தபாலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடும்போதே கோலியைப் பார்த்து நீளமாக ஒரு விசில், உள்ளங்கையைக் காட்டி: நில்.

லைன் மரத்தடிக்குப் பக்கம்தான். அவர்கள் பேசியது மாஸ்டருக்குக் கேட்டது.

"யார் மேலயாவது பட்டுச்சா?"

"இல்ல. சுவத்துல படல, கோலி மேலயும் படல."

"என் கை?"

பள்ளிக்கூடமே கத்திக்கொண்டிருந்தது. தபால் கொடியைக் காலோடு ஒட்டி வைத்திருந்தான், தழும்பு இருந்த காலோடு.

"நெத்தி வரைக்கும்தான்."

"நேரா இல்ல?"

"இல்ல. ரூம்ல தூக்குற மாதிரி."

ஏணி தன் வலது கையைப் பார்த்தாள். யாரோ அவளிடம் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு, எல்லோருக்கும் முன்னால், அதை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். முழங்கை மடங்கும் இடம் வந்ததும் கை தானாக நின்றது.

"இப்ப நீ சொன்னா மேடம் நிறுத்திடுவாங்க," என்றான் தபால், மெதுவாக.

"தெரியும்."

"போன வருஷம் விசில் ஊதினவனும் ஒத்துக்கிட்டிருந்தான்னா நான் அவன்கூடப் பேசியிருப்பேன்," என்றான் தபால்.

அவள் நடுவுக்கு ஓடினாள். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டாள். "நான் மறைமுக சிக்னல் சரியாக் காட்டல. ரெஃப்ரி காட்டலைன்னா, பந்து நேரா உள்ள போயிருந்தா, உதைய மறுபடி எடுக்கணும். கோலும் இல்ல, கோல் கிக்கும் இல்ல. அதே இடத்துலேர்ந்து மறுபடி. தப்பு என்னோடது."

"அதெப்படி? கோல் கிக்னு காட்டிட்ட!" என்று நீல கேப்டன் துள்ளினான்.

"இன்னும் எடுக்கல. எடுத்திருந்தாத்தான் மாத்த முடியாது. ரெண்டாவது நாள் சொன்னாங்க. நீ வந்திருந்த."

அவன் திரும்பிக் கோலியிடம் பந்தை அனுப்பச் சொன்னான்.

பந்தை அதே இடத்தில் வைத்தார்கள். ஏணி பின்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். முழங்கையில் கை நின்றது. இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்துகிற மாதிரி தொட்டாள். கை நிமிர்ந்தது. மேலே போனது. ஏணிக்கு அவ்வளவு நீளக் கை இருக்கிறது என்று அன்றுதான் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது. கொடிக்கம்பம் மாதிரி நின்றாள்.

ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டினான், அவன் திருப்பி வைத்தான். பந்து இன்னொருவர் மேல் பட்டதும் கை இறங்கியது. ஸ்ட்ரைக்கர் உதைத்தான். இந்தத் தடவை நீல ஹவுஸ் தயாராக இருந்தது. பந்து ஒரு தொடையில் பட்டு, கம்பத்தில் பட்டு, கோலியின் மடியில் போய் விழுந்தது.

சிவப்பு ஹவுஸ் ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றது. கடைசி விசிலுக்குப் பிறகு ஸ்ட்ரைக்கர் ஏணியின் கையைக் குலுக்காமல் போனான். போகும்போது சொன்னான்: "முதல்லயே தூக்கியிருந்தா, அவங்க எதிர்பாக்காதப்ப பாஸ் போட்டு அடிச்சிருப்பேன்." அவன் சொன்னது உண்மை.

*

ரிப்போர்ட் தாள் நாலரைக்கு மாஸ்டரின் மேஜைக்கு வந்தது. சாமான் அறையில், மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்த மேஜை. ஏணியின் கையெழுத்து எப்போதும் போல உருண்டையாக இருந்தது.

'ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மறைமுக ஃப்ரீ கிக்குக்கு நான் கையை முழுவதும் தூக்கவில்லை. பந்து நேராகக் கோலுக்குள் சென்றது. முதலில் தவறாகக் கோல் கிக் கொடுத்தேன். பிறகு உதையைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். இதனால் சிவப்பு ஹவுஸுக்கு நஷ்டம்.'

"கடைசி வரி தேவையா?" என்றார் மாஸ்டர்.

"உண்மைதானே சார்."

"இது புகார் இல்லாம என்ன? உம் பேர்ல நீயே எழுதின புகார்."

"வேற யாரு எழுதினாலும் இதத்தானே எழுதுவாங்க." அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவள் கண் கலங்கியது. "மத்த ஏழு பேரும் ஒண்ணும் பண்ணல சார். அவங்க கையெல்லாம் நேராத்தான் போகுது."

அவள் போன பிறகு மாஸ்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கிறுக்கலில் எழுதினார்:

'கையை மடக்கித் தூக்கச் சொன்னது நான். பயிற்சி அறையில் மின்விசிறி தாழ்வாக இருந்தது. மூன்று வாரம் அப்படியே பழக்கினேன். அட்டையைச் சொல்லித் தராதது போன வருஷத்துத் தவறு. அதுவும் என்னுடையதே.'

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மேடம் தாளை இரண்டு முறை படித்தார். எழுந்தார். "அறையக் காட்டுங்க," என்றார்.

சாமான் அறையில் அவரே சுவிட்சை அணைத்தார். இறக்கைகள் நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போடாமல், எக்காமல், தன் கையை நேராகத் தூக்கினார். மேடமும் உயரமானவர்தான். விரல் நுனி இறக்கையில் முட்டியது. கையை இறக்கி, விரலில் ஒட்டிய கருப்புத் தூசியைப் பார்த்தார்.

"நாளைக்கு மூணாவது இடத்துக்கான மேட்ச் ஒண்ணு இருக்கில்ல?"

"அது கணக்குல சேராதது மேடம். ஆறு மேட்ச்தான் பேச்சு."

"யாரு ரெஃப்ரி?"

மாஸ்டர் தயங்கினார். "அந்தப் பொண்ணத்தான் போட்டிருந்தது."

"இருக்கட்டும்." மேடம் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். "உங்களுக்கு மெமோ வரும். ஃபைல்ல இருக்கும். போன வருஷத்துக்கும் சேர்த்து. அதுல பேரம் கிடையாது."

"சரிங்க மேடம்."

"அந்தப் பையன், டி.சி. வாங்கிட்டுப் போனானே. அவன் விலாசம் ஆபீஸ்ல இருக்கும். இதுல கீழ எழுதியிருக்கீங்களே, அத அவனுக்கும் எழுதுங்க." வாசலில் நின்றார். "இனிமே வகுப்பு இங்க வேண்டாம். வெளிய வைங்க."

"மழை வந்தா மேடம்?"

"நனையட்டும்."

மறுநாள் தூறல். மாஸ்டர் மரத்தடியில் ஈர நாற்காலியில் ஊமையாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று, நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பையில் சுற்றி. இருபதாவது நிமிஷம் யாரோ ஒருவன் காலை உயரத் தூக்கினான், விசில் கேட்டது. ஏணியின் கை மேலே போனது. முழங்கையில் ஒரு கணம் நின்றது. பிறகு கை நிமிர்ந்து தூறலுக்குள் போய் நின்றது. பந்து இன்னொருவர் மேல் படும் வரை இறங்கவில்லை.